மீன் லொறிக் கணக்கை எக்செல் சோல்வர்ல போட்டுப் பாத்த கதை

எங்கட பெரியப்பாட மகன் திருகோணமலையில மீன் எடுத்து வெளி ஊருக்கு அனுப்புற தொழில் செய்யிறார். போன மாசம் ஒரு நாள் பின்னேரம் வீட்ட வந்தவர், கையில ஒரு கொப்பி, "தம்பி, டவுனில இருந்து கந்தளாய்க்கு இன்னொரு லொறி போடப்போறன், சரியா வருமா எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லு" எண்டு கேட்டார். கொப்பியில எந்த ரூட்டுக்கு பெட்டிக்கு எவ்வளவு, எந்த லொறி எத்தின பெட்டி ஏத்தும் எண்டு எல்லாம் வடிவா எழுதி வச்சிருந்தார். அதப் பாத்த உடன இது லீனியர் புரோகிராமிங், அதாவது இருக்கிற எல்லைகளுக்குள்ள ஆகக் குறைஞ்ச செலவக் கண்டுபிடிக்கிற கணக்கு எண்டு தெரிஞ்சிது, கம்பஸில படிச்சது, ஆனா உண்மையான நம்பரோட நான் ஒருநாளும் செய்து பாக்கேல்ல. ரெண்டு நாள் இருந்து செய்தன். எங்க மாட்டுப்பட்டன், எப்பிடி வெளிய வந்தன் எண்டு எழுதிறன், இதே மாதிரி கணக்கு வச்சிருக்கிற ஆக்களுக்கு உதவும்.

முதல் நிலைமையச் சொல்றன். மீன் மூண்டு இடத்தில இருந்து வருது. ஒரு சாதாரண நாளைக்கு குச்சவெளி 60 பெட்டி, கொட்பே 100, மூதூர் 80, மொத்தம் 240. வாங்கிறவங்கள் தம்புள்ளையில 70, கண்டியில 60, கொழும்புப் பக்கம் பேலியகொடைக்கு 110, அதுவும் 240. இடையில ரெண்டு ஷெட் இருக்கு, ஒண்டு டவுனில, மற்றது கந்தளாயில. ஷெட்டில ஒண்டும் தங்குறதில்ல, வந்தது அண்டைக்கே ஐஸ் மாத்தி வெளிக்கிடோணும். ரூட் பதினொண்டு. ஷீட்டில போட்டது இப்பிடி, கடைசி ரெண்டு நம்பரும் பெட்டிக்கு ரூவாயும் ஒரு நாளைக்கு ஏத்தக்கூடிய பெட்டியும்:

```
குச்சவெளி   டவுன்       90    80
கொட்பே     டவுன்       40   120
மூதூர்      டவுன்       80    50
மூதூர்      கந்தளாய்   110    60
டவுன்       கந்தளாய்    70    80
டவுன்       கொழும்பு   420    90
கந்தளாய்   தம்புள்ளை  130   110
கந்தளாய்   கண்டி      240    50
கந்தளாய்   கொழும்பு   330    60
தம்புள்ளை  கண்டி      120    30
தம்புள்ளை  கொழும்பு   230    40
```

மூதூர்க்காரருக்கு ரெண்டு வழி இருக்கிறதக் கவனியுங்கோ. ஒண்டு கிண்ணியாப் பாலத்தால டவுனுக்கு, மற்றது அல்லை - கந்தளாய் றோட்டால நேர கந்தளாய்க்கு. கடைசியில முழுக் கணக்கும் இதிலதான் வந்து நிண்டது.

இத ஷீட்டில போடுறதுக்கு கனபேர் செய்யிற மாதிரி இங்கால ஊர், அங்கால ஊர் எண்டு சதுரமா ஒரு டேபிள் போட வெளிக்கிட்டன். பிறகு விட்டுட்டன், ஏனெண்டா எட்டு ஊருக்கு எட்டு எண்டா 64 கட்டம், அதில பாவிக்கிறது பதினொண்டுதான். எக்செலுக்குள்ள இருந்து இந்த மாதிரிக் கணக்குக்கு விடை தேடித் தாற சோல்வருக்கு மாத்தக்கூடிய செல் 200தான் எல்லை, ஊர் கொஞ்சம் கூடினா அதில முட்டும். அதால ஒரு ரூட்டுக்கு ஒரு வரி எண்டு லிஸ்டா போட்டன். A கொலம் எங்க இருந்து, B எங்க, C செலவு, D எத்தின பெட்டி அனுப்புறது எண்டு சோல்வர் கண்டுபிடிக்க வேண்டிய இடம், E கொள்ளளவு. வரி 4 தொடக்கம் 14 வரைக்கும். பக்கத்தில H கொலத்தில எட்டு ஊரின்ட பேர், I கொலத்தில அந்த ஊரால வெளிய போனதில இருந்து உள்ள வந்ததக் கழிச்சது, J கொலத்தில அது எவ்வளவா இருக்கோணும் எண்டுற நம்பர்.

```
I4:  =SUMIF($A$4:$A$14,H4,$D$4:$D$14)-SUMIF($B$4:$B$14,H4,$D$4:$D$14)
D2:  =SUMPRODUCT(C4:C14,D4:D14)
```

J கொலத்தில மீன் வாற இடத்துக்கு கூட்டல், 60, 100, 80. ஷெட் ரெண்டுக்கும் 0. வாங்கிற இடத்துக்கு கழித்தல், -70, -60, -110. தம்புள்ளை வாங்கிற இடம் மட்டுமில்ல, அதுக்குள்ளால கண்டிக்கும் கொழும்புக்கும் மீன் போகவும் ஏலும், அதுக்கெண்டு தனியா ஒண்டும் செய்யத் தேவையில்ல, உள்ள வந்ததும் வெளிய போனதும் கழிபட்டு -70 நிண்டாச் சரி. இந்த அமைப்பின்ட நல்ல விசயமே அதுதான், ஷெட்டோ சந்தையோ எல்லா ஊருக்கும் ஒரே ஃபோர்முலா.

முதல் பிழை இங்கதான் விட்டன். ஒரு வரியில "கந்தளாய்" எண்டு அடிச்சதுக்குப் பின்னால ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஆனா `SUMIF` அத வேற ஊரா எடுக்கும், அந்த ரூட்டால போற மீன் கணக்கில இருந்து காணாமப் போயிடும். சோல்வர் ஓட்ட முதல் இதப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடிச்சன். D கொலத்தில 4, 5, 6 எண்டு அந்தந்த வரியின்ட நம்பரையே அடிச்சுட்டு, I கொலம் முழுக்கக் கூட்டிப் பாக்கோணும். ஒவ்வொரு ரூட்டும் ஒரு ஊருக்குக் கூட்டலாவும் இன்னொரு ஊருக்குக் கழித்தலாவும் போறதால மொத்தம் கட்டாயம் 0 வரோணும். எனக்கு 8 வந்திச்சு. அதாவது எட்டாம் வரியில பேர் பிழை, அதுவும் 8 கூட்டலா வந்ததால B பக்கத்துப் பேர்தான் பிழை, A பக்கம் எண்டா -8 வந்திருக்கும். ரெண்டு இடத்தில பிழை எண்டா இவ்வளவு சுத்தமாச் சொல்லாது, எண்டாலும் பூச்சியம் வராட்டி ஓட்டக்கூடாது எண்டு தெரிஞ்சிடும். பிறகு பேர் எல்லாத்தையும் `Data Validation` லிஸ்டில இருந்து எடுக்கிற மாதிரி மாத்திட்டன்.

இனி சோல்வர். `Set Objective` இல `D2`, `Min`. `By Changing Variable Cells` இல `D4:D14`. கட்டுப்பாடு ரெண்டே ரெண்டு, `I4:I11 = J4:J11`, `D4:D14 <= E4:E14`. கீழ `Make Unconstrained Variables Non-Negative` டிக் இருக்கோணும், இல்லாட்டி மீன் கொழும்பில இருந்து திருகோணமலைக்குத் திரும்பி வாற மாதிரி விடை வரும். `Select a Solving Method` இல எக்செல் தானா வச்சிருக்கிறது `GRG Nonlinear`, அத `Simplex LP` எண்டு மாத்தோணும். மாத்தாட்டியும் விடை வரலாம், ஆனா பிறகு நான் சொல்லப்போற சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட் வேற மாதிரித்தான் வரும்.

`Solve` அமத்தினன். வந்தது இதுதான்:

```
Solver could not find a feasible solution.
```

எனக்கு விளங்கேல்ல. 240 வருது, 240 போகுது, ஒவ்வொரு ரூட்டிலயும் இடம் இருக்கிற மாதிரித்தான் தெரியுது. குச்சவெளி லொறி 80 ஏத்தும், வாறது 60தான். கொழும்புக்கு மூண்டு வழி, கூட்டினா 190, தேவை 110. ஃபோர்முலா பிழையோ எண்டு ஒரு மணித்தியாலம் தேடினன். D கொலத்தில ஏதோ நம்பர்கள் நிண்டது, அத நம்பி அதில இருந்து காரணம் தேடினதும் நான் விட்ட பிழை. விடை இல்லையெண்டு சொல்லிட்டு சோல்வர் விட்டுட்டுப் போற நம்பருக்கு ஒரு அர்த்தமும் இல்ல, அதப் பாக்கவே கூடாது.

அடுத்த நாள் காலமதான் யோசனை வந்திச்சு. ஏலாது எண்டு சொல்ல விடாம, எவ்வளவு ஏலாது எண்டு சொல்ல வைக்கோணும். அதுக்கு "நிக்குது" எண்டு ஒரு பொய் ஊர் சேத்தன். மீன் வாற மூண்டு இடத்தில இருந்தும் அந்த ஊருக்கு ஒரு ரூட், பெட்டிக்கு 5000 ரூவா. அங்க இருந்து வாங்கிற மூண்டு ஊருக்கும் ஒரு ரூட், செலவு 0. கொள்ளளவு எல்லாத்துக்கும் 999. 5000 எண்டது உண்மையான எந்த வழியையும் விடப் பலமடங்கு கூட, அதால வேற வழியே இல்லையெண்டாத்தான் சோல்வர் அந்தப் பக்கம் போகும். அதுக்காக லட்சம் கோடி எண்டு போடாதீங்கோ, நம்பர்கள் ஒண்டுக்கொண்டு மிச்சம் தூரமாப் போனா சோல்வர் தடுமாறும். வரி 20 வரைக்கும் போனதால `SUMIF` ரேஞ்ச், `D2`, சோல்வர்ல குடுத்த ரேஞ்ச் எல்லாத்தையும் நீட்டோணும், புது ஊருக்கு H12இல ஒரு வரி, J12இல 0, ஊர் கட்டுப்பாட்டையும் 12ஆம் வரி வரைக்கும் நீட்டோணும்.

இப்ப ஓடிச்சு. குச்சவெளியில இருந்து "நிக்குது" வுக்கு 10 பெட்டி, அங்க இருந்து கொழும்புக்கு 10. அதாவது ஒரு நாளைக்கு பத்துப் பெட்டி போகாது.

அண்ணைக்கு கோல் எடுத்துச் சொன்னன். "ஓமடா, குச்சவெளியான் பத்துப் பன்னெண்டு பெட்டி மிஞ்சுது எண்டு ஒவ்வொரு நாளும் கத்துறான், நான் அந்த லொறிக்காரனத்தான் பேசினன்" எண்டார். அவர் ஏன் அப்பிடி நினைச்சார் எண்டு விளங்குது, ஆனா அந்த லொறியில பிழையே இல்ல. 80 ஏத்துற லொறி 50தான் ஏத்துது. அப்ப ஏன் குச்சவெளியில நிக்குது? எங்கயோ பத்துப் பெட்டிய விட்டுத்தான் ஆகோணும் எண்டா, டவுனுக்குக் கொண்டுவர ஆகக் கூடச் செலவாகிற பெட்டிய விடுறதுதான் மலிவு. குச்சவெளிக்கு 90, மூதூருக்கு 80, கொட்பேக்கு 40. அதால சோல்வர் குச்சவெளியத் தெரிவு செய்திருக்கு. எவ்வளவு நிக்குது எண்ட நம்பர் உண்மையான குறை, எங்க நிக்குது எண்டது செலவு முடிவு செய்த விசயம். இத விளங்காம நான் குச்சவெளி ரூட்டப் பெருப்பிச்சிருந்தா ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது.

உண்மையான அடைப்பக் காண, D உம் E உம் ஒண்டா இருக்கிற வரிகளுக்கு நிறம் அடிச்சன். மூதூர் - கந்தளாய் 60க்கு 60, டவுன் - கந்தளாய் 80க்கு 80, டவுன் - கொழும்பு 90க்கு 90, கந்தளாய் - கண்டி 50க்கு 50. ஒரு பேப்பரில படம் கீறி, குச்சவெளி, கொட்பே, மூதூர், டவுன் நாலையும் சுத்தி ஒரு வட்டம் போட்டுப் பாத்தன். வட்டத்துக்கு உள்ள இருந்து வெளிய போற கோடு மூண்டே மூண்டுதான், அந்த முதல் மூண்டு ரூட்டும். 60, 80, 90, கூட்டினா 230. உள்ள இருக்கிறது 240. பத்து எங்க நிக்குது எண்டு அப்பத்தான் எனக்கு வெளிச்சது. ஒவ்வொரு ரூட்டாப் பாத்தா எல்லாம் காணும் மாதிரி இருக்கும், கடலோரப் பக்கம் முழுக்க ஒண்டாச் சேத்துப் பாத்தாத்தான் வாசல் சின்னன் எண்டு தெரியும். ஃபோர்டும் ஃபுல்கர்சனும் 1956இல எழுதின ஆகக்கூடிய ஓட்டம், ஆகச்சிறிய வெட்டு எண்ட தேற்றம் இதுதான், சோதினைக்குப் பாடமாக்கினது, மீன் பெட்டியில வச்சுத்தான் எனக்கு உண்மையா விளங்கினது.

அப்ப அந்த மூண்டில ஒண்டக் கூட்டோணும். அண்ணை யோசிச்சது டவுன் - கந்தளாய்க்கு இன்னொரு லொறி, 30 பெட்டி. E கொலத்தில 80ஐ 110 ஆக்கி ஓட்டினன். "நிக்குது" பக்கம் எல்லாம் பூச்சியம், மொத்தச் செலவு நாளைக்கு 91,500 ரூவா. டவுன் - கந்தளாய் 110, டவுன் - கொழும்பு 70, கந்தளாய் - கொழும்பு 40, கண்டிக்கு நேர 50உம் தம்புள்ளையால 10உம்.

இதில நிப்பாட்டியிருந்தா லொறி போடுங்கோ எண்டு சொல்லியிருப்பன். ஆனா முடிஞ்ச உடன வாற பெட்டியில `Sensitivity` எண்டத அமத்தி ரிப்போர்ட் எடுத்தன். அதில ஷேடோ பிரைஸ் எண்டு ஒரு கொலம் இருக்கு, ஒரு கட்டுப்பாட்ட ஒண்டால தளர்த்தினா மொத்தச் செலவு எவ்வளவு மாறும் எண்டு சொல்றது. அதில ஊர்களுக்கு மட்டும் நம்பர் வந்திருக்கு, கொள்ளளவுகளக் காணேல்ல. கொஞ்சம் தேடித்தான் காரணம் பிடிச்சன். `D4:D20 <= E4:E20` எண்டு மாத்துற செல்லுக்கே நேர எல்லை போட்டா, எக்செல் அதக் கட்டுப்பாடா எடுக்கிறதில்ல, அந்த செல்லின்ட எல்லையா எடுக்குது, அதின்ட பெறுமதி மேல இருக்கிற டேபிளில `Reduced Cost` கொலத்தில ஒளிஞ்சிருக்கு. தனியாப் பாக்கோணும் எண்டா F கொலத்தில `=D4` எண்டு போட்டு கீழ இழுத்து, கட்டுப்பாட்ட `F4:F20 <= E4:E20` எண்டு மாத்தினாச் சரி. விடை மாறாது, ஆனா இப்ப ஒவ்வொரு ரூட்டுக்கும் ஷேடோ பிரைஸும், அது எவ்வளவு தூரத்துக்குச் செல்லும் எண்டதும் வரும்.

வந்த நம்பரப் பாருங்கோ. டவுன் - கந்தளாய் -20. மூதூர் - கந்தளாய் -60. கந்தளாய் - கண்டி -10. மற்றதெல்லாம் 0.

-60 ஐ நம்ப முதல் கையால ஒருக்காச் சரிபாத்தன். மூதூர்ல இருந்து ஒரு பெட்டி கூட நேர கந்தளாய்க்குப் போனா, அந்த ரூட்டில 110 கூடும். அதே பெட்டி டவுனுக்கு வராததால 80 மிச்சம், டவுன் - கொழும்பு லொறியில ஒண்டு குறையும், 420 மிச்சம், பதிலுக்கு கந்தளாய் - கொழும்பில ஒண்டு கூடும், 330. 110 கூட்டி 330, அதில 80உம் 420உம் கழிச்சா -60. சரியா வந்திச்சு. டவுன் - கந்தளாயில கூட்டினா 70 கூட்டி 330, கழி 420, -20தான். அதாவது அண்ணை லொறி போட நினைச்ச ரூட்ட விட மூதூர் - கந்தளாய் றோட்டில ஒரு பெட்டி இடம் மூண்டு மடங்கு பெறுமதி. `Allowable Increase` 20 எண்டு இருந்தது, இருபது பெட்டிக்கு மேல இந்த 60 செல்லாது. அதுக்கும் காரணம் தெரியும், மூதூரால டவுனுக்கு வந்துகொண்டிருந்தது இருபதுதான், அது முடிஞ்சா மாத்த ஒண்டும் இல்ல.

பிறகு டவுன் - கந்தளாயத் திரும்ப 80 ஆக்கி, மூதூர் - கந்தளாய 60இல இருந்து 80 ஆக்கி ஓட்டினன். பத்துப் பெட்டியும் நிக்கேல்ல, செலவு 90,900. முப்பது பெட்டி லொறி ஒண்டு புதுசாப் போடுறதுக்குப் பதிலா, மூதூர்ல ஓடுற லொறியக் கொஞ்சம் பெரிசா மாத்தினாக் காணும், செலவு 600 குறையுது. ரெண்டையும் சேத்துப் போட்டும் பாத்தன், 90,300. அப்ப மூதூர மாத்தின பிறகு டவுன் - கந்தளாய் ரெண்டாம் லொறி நாளைக்கு மிச்சம் பிடிச்சுத் தாறது 600 ரூவா மட்டும்தான், அந்த லொறிக்கு டிறைவர் காசு எண்டே அதுக்கு மேல போகும்.

இங்க ஒரு விசயம் கட்டாயம் சொல்லோணும். இந்தக் கணக்கில செலவு பெட்டிக்கு இவ்வளவு எண்டுதான் இருக்கு. லொறி வெறுமனயாப் போனாலும் குடுக்கிற ஹயர் காசு இதுக்குள்ள இல்ல. அத உள்ள கொண்டுவரோணும் எண்டா லொறி போகுது, போகேல்ல எண்டு 0, 1 வாற ஒரு செல் வைக்கோணும், அதுக்கு `bin` கட்டுப்பாடு, அப்ப அது நேரான லீனியர் கணக்கு இல்ல, சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டும் தராது. எனக்குப் பாக்க வேண்டியது ரெண்டு மூண்டு தெரிவுதான் எண்டதால தனித்தனியா ஓட்டி, ஹயர் காச வெளியால கூட்டிப் பாத்தன்.

பெட்டி பாதியா வெட்டுப்படாதா, `int` போட வேண்டாமா எண்டு அண்ணை கேட்டார். இந்த மாதிரி சுத்தமான நெட்வேர்க்குக்குத் தேவையில்ல. வாறது, போறது, கொள்ளளவு எல்லாம் முழு எண்ணா இருந்தா சிம்ப்ளெக்ஸ் தாற விடையும் முழு எண்ணாத்தான் வரும், ஏனெண்டா ஒவ்வொரு ரூட்டும் ரெண்டே ரெண்டு ஊர் வரியில, ஒண்டில +1, மற்றதில -1 எண்டுதான் வருது. ஆனா ரெண்டு ரூட் ஒரே லொறியப் பங்குபோடுது, நெத்தலிப் பெட்டி ஒண்டு ஒண்டரைப் பெட்டி இடம் பிடிக்கும் எண்டு ஏதாவது புதுக் கட்டுப்பாடு சேத்தா அந்த உறுதி போயிடும், அப்ப அரை வரலாம்.

அண்ணை மூதூர் லொறிய மாத்திட்டார். மாத்தி மூண்டாம் நாள் கோல் எடுத்தார், "மூதூர்ல இண்டைக்கு 55 பெட்டிதான், கணக்க மாத்தித் தாவன்". J கொலத்தில 80ஐ 55 ஆக்கினா மொத்தம் 215, வாங்கிற பக்கம் 240, சமன் குறி வச்சா முடியாது. அதால வாங்கிற மூண்டு ஊருக்கு மட்டும் `=` ஐ எடுத்து `>=` போட்டன். J கழித்தலா இருக்கிறதால -110க்கு `>=` எண்டா 110 வரைக்கும், குறையலாம் எண்டு அர்த்தம், இதில திசை மாறிப் போடுறது இலேசு. "நிக்குது" ரூட்டுகளயும் அண்டைக்கு 0 ஆக்கி மூடினன். ஓடிச்சு, விடை கொழும்புக்கு 85, குறையிற 25உம் கொழும்புக்கே.

அண்ணை அத ஏற்கேல்ல. "விலை கூடக் குடுக்கிறதே கொழும்புக்காரன்தான்." அவர் சொன்னது சரி. செலவ மட்டும் குறை எண்டு சொன்னா, ஆகத் தூரமான சந்தையத்தான் முதல் வெட்டும், விலை எண்ட ஒண்டு அதுக்குத் தெரியாது. தம்புள்ளைக்குள்ளால மற்ற ஊர்களுக்கும் மீன் போறதால அந்த ரூட்டின்ட செலவில விலையக் கழிக்க ஏலாது, அதால மூண்டு சந்தையில இருந்தும் "வித்தது" எண்டு கடைசி ஊர் ஒண்டுக்கு ரூட் போட்டு, அண்டைய பெட்டி விலைய மைனஸ் செலவா வச்சன், கொள்ளளவு 70, 60, 110. சந்தை மூண்டுக்கும் J இப்ப 0, திரும்ப `=`. "வித்தது" வுக்கு J அண்டைக்கு வந்த மொத்தம், -215. விலை ஒவ்வொரு நாளும் காலம அண்ணை வட்ஸப்பில அனுப்புறார், நான் மூண்டு செல்ல மாத்தி ஓட்டி, D கொலத்தப் படம் பிடிச்சு திரும்ப அனுப்புறன்.